பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ்

அண்ணன் மகள் போனில் அழாத குறையாகப் பேசினாள். முதுகலை ஆய்வேடு சமர்ப்பிக்க இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. "சித்தப்பா, ஒரே ஃபோல்டர்ல ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருக்கு. ஒண்ணு தேவையில்லைன்னு அழிச்சேன். நல்லது போயிடுச்சு. அழிய வேண்டியது அங்கேயே உட்கார்ந்திருக்கு."

முதலில் நான் நம்பவில்லை. ஒரு ஃபோல்டருக்குள் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்க விண்டோஸ் அனுமதிக்காது. அவள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். `Chapter3.docx` என்ற பெயர் மட்டுமே இருந்தது. அதை அழிக்கப் போனால் "Could not find this item" என்று ஒரு பெட்டி வருகிறது. கண் முன்னால் இருக்கும் ஃபைலைப் பார்த்து, இப்படி ஒன்று இங்கே இல்லை என்கிறது கம்ப்யூட்டர். மறுபடி முயன்றாலும் அதே பதில்தான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தும் ஒன்றும் மாறவில்லை.

இந்தச் செய்திப் பெட்டியின் வாசகம்தான் நோயைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறி. ஃபைல் அழியாமல் அடம்பிடிக்கப் பல காரணங்கள் உண்டு. வேறொரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருந்தால், ஃபைல் இன்னொன்றில் திறந்திருக்கிறது என்று விண்டோஸ் சொல்லும். உரிமை இல்லையென்றால் அனுமதி வேண்டும் என்று கேட்கும். இந்த இரண்டிலும் ஃபைல் இருப்பதை அது ஒப்புக்கொள்கிறது. பட்டியலில் காட்டிவிட்டு, கை வைத்தவுடன் "இல்லை" என்று மறுத்தால் சந்தேகம் பெயரின் மேல்தான் போக வேண்டும். உடனே அவளிடம் கேட்டேன்: "இந்த ஹார்ட் டிஸ்க்கை லினக்ஸ்ல போட்டு வேலை செஞ்சியாம்மா?"

துறையின் ஆய்வகத்தில் எல்லாமே உபுண்டுதானாம். அங்கே ஒரு நாள் மூன்றாம் அத்தியாயத்தைச் சேமித்தபோது, பெயரை வேறொரு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியிருக்கிறாள். பெயரோடு சேர்ந்து கடைசியில் ஒரு ஸ்பேஸும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஆக, டிஸ்க்கில் இருந்தவை உண்மையில் இரண்டு வேறு பெயர்கள். ஒன்று `Chapter3.docx`. இன்னொன்று `Chapter3.docx` என்பதற்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ். திரையில் வெற்றிடம் தெரியாது என்பதால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த ஒரு ஸ்பேஸ் ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது? இங்கே விண்டோஸுக்குள் இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ரெக்கார்டு ரூமில் இருப்பவர். என்டிஎஃப்எஸ் என்ற ஃபைல் அமைப்புதான் அவர். 1993-ல் விண்டோஸ் என்டி-யுடன் வந்தவர். பெயரின் கடைசியில் ஸ்பேஸ் இருந்தாலும் புள்ளி இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை, கொடுத்த பெயரை அப்படியே எழுதி வைத்துக்கொள்வார். இன்னொருவர் முன்னால் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர். நாம் மவுஸால் செய்வது, கட்டளை அடிப்பது எல்லாம் முதலில் அவரிடம்தான் போகிறது. அவருக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. எந்தப் பெயர் வந்தாலும் அதன் வாலில் இருக்கும் ஸ்பேஸையும் புள்ளியையும் நறுக்கிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்.

ஃபோல்டரைத் திறந்து பட்டியல் கேட்டால், ரெக்கார்டு ரூம் இரண்டு பெயர்களையும் ஒழுங்காகக் கொடுக்கிறது. ஸ்பேஸ் உள்ளதைத் தேர்ந்தெடுத்து அழிக்கச் சொன்னால், கவுன்ட்டர்காரர் ஸ்பேஸை நறுக்கிவிடுகிறார். உள்ளே போய்ச் சேருவது ஸ்பேஸ் இல்லாத பெயர். அந்தப் பெயரில் ஃபைல் எதுவும் இல்லையென்றால் "காணவில்லை" என்று பதில் வரும். இருந்தால், அழிவது அந்த நல்ல ஃபைல். அவளுக்கு நடந்தது இதுதான். தேவையில்லாதது என்று அவள் சுட்டிக்காட்டிய ஃபைலுக்குப் பதில் இரட்டைப் பிறவியான நல்ல ஃபைல் மறுசுழற்சித் தொட்டிக்குப் போய்விட்டது. அழியாத ஃபைல் வெறும் தொந்தரவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பக்கத்தில் அதே பெயரில் இன்னொன்று இருக்கும்போது அது ஆபத்து.

கவுன்ட்டரில் இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் கோபம் கொஞ்சம் தணியும். 1981-ல் வந்த டாஸ் காலத்தில் ஃபைல் பெயருக்கு 8 எழுத்து, வகையைச் சொல்லும் வாலுக்கு 3 எழுத்து. டிஸ்க்கில் இதற்கு மொத்தம் 11 கட்டங்கள் ஒதுக்கியிருந்தார்கள். பெயர் 5 எழுத்துதான் என்றால் மீதி 3 கட்டங்களை ஸ்பேஸால் நிரப்புவார்கள். நடுவில் வரும் புள்ளியை எழுதுவதே இல்லை, திரையில் காட்டும்போது மட்டும் சேர்ப்பார்கள். அந்த ஏற்பாட்டில் கடைசி ஸ்பேஸ் என்பது பெயரின் பகுதியே அல்ல, காலி இடத்தை அடைக்கும் பஞ்சு. அதை நறுக்குவதுதான் சரி. அந்தக் காலத்துப் புரோகிராம்கள் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதற்காக அதே விதியைக் கவுன்ட்டரில் இன்றும் வைத்திருக்கிறார்கள். லினக்ஸுக்கு அந்த மரபு கிடையாது. கவுன்ட்டர் பக்கமே வராமல் டிஸ்க்கில் நேராக எழுதிவிடுகிறது.

அன்று மாலை போனிலேயே வேலையைத் தொடங்கினோம். முதல் காரியமாக மறுசுழற்சித் தொட்டியிலிருந்து நல்ல ஃபைலை மீட்டுத் திரும்ப வைக்கச் சொன்னேன். அது தொட்டிக்குப் போயிருந்ததே அதிர்ஷ்டம். கட்டளை அடித்து அழித்திருந்தால் தொட்டியில் எதுவும் இருந்திருக்காது.

அடுத்து, நோய் இதுதானா என்று உறுதி செய்ய வேண்டும். கண்ணை நம்ப முடியாது. ஒவ்வொரு பெயரையும் அடைப்புக்குறிக்குள் போட்டுக் காட்டச் சொன்னால் ஒளிந்திருக்கும் ஸ்பேஸ் வெளியே வந்துவிடும். ஸ்டார்ட் மெனுவில் `cmd` என்று தேடினால் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் இதை அடித்தாள்:

```
E:
cd \Project
for /f "delims=" %i in ('dir /b /a') do @echo [%i]
```

வந்த பட்டியலில் இந்த இரண்டு வரிகள் இருந்தன:

```
[Chapter3.docx]
[Chapter3.docx ]
```

இரண்டாவது வரியில் கடைசி அடைப்புக்குறிக்கு முன்னால் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். சில சமயம் ஒன்றுக்கு இரண்டாக ஸ்பேஸ் இருக்கும். அடுத்த கட்டத்தில் அதே எண்ணிக்கையில் அடிக்க வேண்டும், அதனால் இங்கேயே எண்ணி வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவதாக, நல்ல ஃபைலை அந்த இடத்திலிருந்தே அப்புறப்படுத்தினோம். இங்கே கவுன்ட்டர்காரரின் பழக்கமே நமக்கு உதவுகிறது. சாதாரணமாக அடிக்கும் பாதை எப்போதும் ஸ்பேஸ் இல்லாத ஃபைலுக்குத்தான் போகும், தவறிப் போய் மற்றதைத் தொடவே தொடாது.

```
move "E:\Project\Chapter3.docx" "C:\Users\Public\Documents\Chapter3-safe.docx"
```

போன இடத்தில் அதைத் திறந்து, பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னேன். எல்லாம் இருந்தன. இனி அந்த ஃபோல்டரில் என்ன தவறு நடந்தாலும் ஆய்வேட்டுக்குச் சேதமில்லை. இந்த ஒரு படியைப் பலரும் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி.

பிறகுதான் கவுன்ட்டரைத் தாண்டும் வழி. விண்டோஸே இதற்கு ஒரு கதவு வைத்திருக்கிறது. பாதையின் தொடக்கத்தில் `\\?\` என்ற நான்கு குறிகளைச் சேர்த்தால், "இந்தப் பெயரில் கை வைக்காதே, அப்படியே உள்ளே அனுப்பு" என்று பொருள். அழிப்பதற்கான கட்டளை இப்படி அமையும்:

```
del "\\?\E:\Project\Chapter3.docx "
```

கடைசி மேற்கோள் குறிக்கு முன்னால் அந்த ஸ்பேஸ் இருக்கிறது. மேற்கோள் குறிகள் இல்லையென்றால் ஸ்பேஸ் பெயரோடு சேராது, அதனால் அவை கட்டாயம். இன்னும் சில நிபந்தனைகள் உண்டு. பாதையை டிரைவ் எழுத்திலிருந்து முழுதாகக் கொடுக்க வேண்டும். ஃபோல்டருக்குள் போய்விட்டோம் என்று வெறும் பெயரை அடித்தால் நடக்காது. சாய்வுக்கோடு `\` மட்டுமே, `/` கூடாது. மேல் ஃபோல்டரைக் குறிக்கும் இரட்டைப் புள்ளிகளும் செல்லாது, ஏனென்றால் அவற்றுக்குப் பொருள் சொல்பவரே கவுன்ட்டர்காரர்தான். ஃபைல் வேறொரு கம்ப்யூட்டரின் பகிர்வில் இருந்தால் `\\?\UNC\` என்று தொடங்கி, அடுத்து அந்தக் கம்ப்யூட்டரின் பெயரும் பகிர்வின் பெயரும் வர வேண்டும்.

ஆனால் அவளை நான் `del` அடிக்க விடவில்லை. இந்தக் கட்டளைக்குத் தொட்டி கிடையாது, போனால் போனதுதான். அந்த ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று அதுவரை யாரும் பார்க்கவும் இல்லை. அதனால் பெயரை மட்டும் மாற்றச் சொன்னேன்:

```
ren "\\?\E:\Project\Chapter3.docx " "Chapter3-old.docx"
```

முதல் முறை "The system cannot find the file specified" என்று வந்தது. ஸ்பேஸை விட்டுவிட்டு அடித்திருந்தாள். இரண்டாம் முறை எந்தச் செய்தியும் இல்லாமல் அடுத்த வரிக்குப் போனது. இந்த ஜன்னலில் மௌனம் என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். பெயர் ஒழுங்கான பிறகு அது மற்ற ஃபைல்களைப் போல ஒரு ஃபைல். மவுஸால் திறக்கலாம், நகர்த்தலாம், வேண்டாமென்றால் தொட்டிக்கு அனுப்பலாம்.

ஃபோல்டர் பெயரின் கடைசியில் ஸ்பேஸ் வந்தாலும் வழி இதுதான், `del` இருக்கும் இடத்தில் `rd /s` வரும். இங்கே எச்சரிக்கையை இரட்டிப்பாக்கச் சொல்வேன். `Photos` என்று ஒன்றும், ஸ்பேஸோடு இன்னொன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, `\\?\` சேர்க்க மறந்து `rd /s` அடித்தால் நல்ல ஃபோல்டர் அதற்குள் இருக்கும் அத்தனையோடும் போய்விடும். ஃபோல்டருக்கும் `ren`தான் முதலில். பெயரின் கடைசியில் புள்ளி இருப்பதும் இதே நோய்தான். `Report.` என்று முடியும் ஃபைலுக்கும் இதே மருந்து.

கறுப்பு ஜன்னலைப் பார்த்தாலே தயங்குபவர்கள் உண்டு. அவர்களுக்கு 7-ஜிப் என்ற இலவசப் புரோகிராமோடு வரும் ஃபைல் மேனேஜர் கை கொடுக்கும். ஜிப் ஃபைல்களைப் பிரிக்க ஏற்கெனவே அதை வைத்திருப்பவர்கள் நிறைய. அதில் அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்திப் பெயரை மாற்றிப் பார்க்கலாம். அழிப்பதென்றால் ஷிஃப்ட்டோடு சேர்த்து டெலீட் அழுத்த வேண்டும். பாதையில் தமிழ்ப் பெயருள்ள ஃபோல்டர் இருந்தால் கறுப்பு ஜன்னலில் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரியக்கூடும். அப்போதும் இந்த வழி சுலபம்.

பழைய புத்தகங்களில் இன்னொரு உபாயம் சொல்லியிருப்பார்கள். `dir /x` அடித்து, ஃபைலுக்கு விண்டோஸ் வைத்திருக்கும் குறும்பெயரைக் கண்டுபிடித்து, அந்தப் பெயரால் அழிப்பது. குறும்பெயர் இருந்தால் அது இன்றும் நல்ல வழிதான். ஆனால் இப்போது புதிதாக ஃபார்மேட் செய்யும் டிஸ்க்குகளில் பெரும்பாலும் குறும்பெயர் உருவாவதில்லை. லினக்ஸ் எழுதிய ஃபைலுக்கு அது இருக்கும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம்.

இதே கதவு இன்னொரு வகை ஃபைலுக்கும் திறக்கிறது. `con`, `prn`, `aux`, `nul`, `com1` முதல் `com9` வரை, `lpt1` முதல் `lpt9` வரை உள்ள பெயர்கள் ஃபைலுக்கு ஆகாதவை. இவையும் டாஸ் விட்டுச்சென்ற சொத்து. `con` என்றால் திரையும் விசைப்பலகையும், `prn` என்றால் பிரின்டர், `nul` என்றால் போட்டதை விழுங்கிவிடும் பள்ளம். முதல் டாஸில் ஃபோல்டர்களே கிடையாது, 1983-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் வந்தன. அதுவரை எங்கிருந்து வேண்டுமானாலும் `prn` என்று சொன்னால் பிரின்டருக்குப் போகும் என்று பழகியிருந்த புரோகிராம்கள் கெட்டுவிடக் கூடாது என்று, ஒவ்வொரு ஃபோல்டரிலும் அந்தப் பெயர்களுக்கு அதே பொருள் நீடித்தது. இன்று அதிகம் மாட்டிக்கொள்பவர்கள் புரோகிராம் எழுதுபவர்கள்தான். விண்டோஸுக்காக எழுதிய `> nul` என்ற துண்டை, யூனிக்ஸ் பாணியில் ஓடும் கிட் பாஷ் ஜன்னலில் ஓட்டுவார்கள். அதற்கு `nul` என்பது பள்ளம் என்று தெரியாது. அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு ஃபைலை உருவாக்கி வைத்துவிடும். பிறகு மவுஸால் அழிக்கப் போனால் விண்டோஸ் திணறும். தீர்வு ஒரே வரி:

```
del "\\?\E:\Project\nul"
```

இந்தக் கதவு எல்லாவற்றுக்கும் திறந்துவிடாது. `Interview 10:30.mp3` என்று நேரத்தைச் சேர்த்து லினக்ஸில் பெயர் வைத்த ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் `:` விண்டோஸில் தடை செய்யப்பட்ட எழுத்து. `?`, `*`, `"`, `<`, `>`, `|` ஆகியவையும் அப்படியே. இவற்றைக் கவுன்ட்டர்காரர் தடுத்தால் தாண்டிப் போய்விடலாம். விண்டோஸ் பக்கத்தில் ரெக்கார்டு ரூமைக் கவனித்துக்கொள்ளும் பகுதியே இவற்றை ஏற்பதில்லை. ஒரே ஃபைலுக்குள் இன்னொரு கிளை இருப்பதைக் குறிக்க அது `:` குறியைப் பயன்படுத்துகிறது. `?`-ம் `*`-ம் "எதுவாகவும் இருக்கலாம்" என்று தேடுவதற்கான குறிகள். அதனால் `\\?\` போட்டும் பயன் இல்லை. மணிக்கணக்கில் விண்டோஸோடு மல்லுக்கட்டாமல், ஃபைல் பிறந்த இடத்துக்கே டிஸ்க்கை எடுத்துப் போவதுதான் வழி. லினக்ஸ் கம்ப்யூட்டர் இல்லையென்றால் உபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கலாம். அங்கே அந்த ஃபைலின் பெயரை மாற்றுவது ஒரு நொடி வேலை.

அப்படிப் போகும்போது ஒரு சிக்கல் வரலாம். டிஸ்க்கைப் படிக்க முடியும், எழுத முடியாது என்று உபுண்டு சொல்லும். விண்டோஸ் அதை முழுதாக விடவில்லை என்று அர்த்தம். வெளி டிஸ்க் என்றால், திரும்ப விண்டோஸில் செருகி, பாதுகாப்பாகக் கழற்றும் வழியில் கழற்ற வேண்டும். கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் டிஸ்க் என்றால் விண்டோஸை `shutdown /s /t 0` என்று முழுமையாக அணைத்துவிட்டு வர வேண்டும். மெனுவிலிருந்து அணைக்கும்போது அடுத்த முறை வேகமாகத் தொடங்குவதற்காகப் பாதித் தூக்கத்தில் போய்விடும் வழக்கம் விண்டோஸுக்கு உண்டு.

லினக்ஸில் இருக்கும்போதே மற்ற சிக்கல் பெயர்களையும் ஒருமுறை தேடிவிடலாம். டிஸ்க்கின் ஃபோல்டரில் நின்றுகொண்டு டெர்மினலில் இந்த இரண்டு வரிகளை அடித்தால் போதும். முதல் வரி ஸ்பேஸிலோ புள்ளியிலோ முடியும் பெயர்களைக் காட்டும், இரண்டாவது தடைப்பட்ட எழுத்துள்ளவற்றைக் காட்டும். இரண்டுமே பட்டியல் மட்டும்தான் போடும், எதையும் மாற்றாது.

```
find . -mindepth 1 -name '*[ .]'
find . -name '*[<>:"|?*]*'
```

இரண்டு உலகத்துக்கும் போய்வரும் டிஸ்க் வைத்திருப்பவர்கள், லினக்ஸில் அதை என்டிஎஃப்எஸ்-3ஜி வழியாக இணைக்கும்போது `windows_names` என்ற விருப்பத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். விண்டோஸுக்கு ஆகாத பெயரை வைக்கப் போனால் லினக்ஸே அந்த இடத்தில் மறுத்துவிடும். நோய் வந்த பிறகு ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அண்ணன் மகளின் `Chapter3-old.docx` ஃபைலை அன்றிரவு அவளே திறந்து பார்த்தாள். ஆய்வகத்தில் ஒரு மதியம் உட்கார்ந்து எழுதிய மூன்று பக்கங்கள் அதில் இருந்தன. நல்லது என்று அவள் நினைத்திருந்த ஃபைலில் அவை இல்லை. எழுதியதாக ஞாபகம் இருந்தும் எங்கே போயின என்று தெரியாமல், இரண்டு வாரத்துக்கு முன்பே அவற்றை மறுபடி எழுத ஆரம்பித்திருந்தாளாம். உங்கள் டிஸ்க்கிலும் இப்படி ஒரு ஃபைல் இருந்தால், `del` அடிப்பதற்கு முன் தயவுசெய்து ஒரு முறை `ren` அடித்து, திறந்து பாருங்கள்.